கலந்தவுடன் சரியாகிவிட்டது என்று முடித்துவிடாதீர்கள்

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த உறைவுச் சோதனைகளைப் பார்க்கும் வேலை எனக்கு. கோபத்தோடு எழுத உட்காரக்கூடாது என்பார்கள். ஆனால் கலப்புச் சோதனையில் கலந்தவுடன் வரும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஒரே தவறு மறுபடியும் மறுபடியும் மேசைக்கு வரும்போது பொறுமையும் ஓர் அளவுக்குத்தான். இந்த முறை வந்தது ஈசூனில் மகளோடு வசிக்கும் 74 வயதுப் பெரியவர் ஒருவரின் ரத்தம்.

அவருடைய முன்கையிலும் தொடையிலும் பெரிய பெரிய நீலக் கன்றல்கள் வந்திருந்தன. எங்கும் விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. எண்ணெய் தேய்த்து உருவியதால் வந்திருக்கும் என்று வீட்டில் நினைத்தார்கள். பலதுறை மருந்தகத்தில் ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகும் கன்றல் பரவி, ஹீமோகுளோபின் 7.2க்கு இறங்கியதும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். தட்டணுக்கள் போதுமான அளவு இருந்தன. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை இரண்டு வழிகளில் அளக்கும் பிடி, ஏபிடிடி என்ற உறைவுச் சோதனைகளில் பிடி 12 வினாடி, அது இயல்பு. ஏபிடிடி மட்டும் 78 வினாடி. எங்கள் ஆய்வகத்தில் அதன் இயல்பு எல்லை 26 முதல் 37 வரை.

ஏபிடிடி மட்டும் நீண்டால் அடுத்த கேள்வி ஒன்றுதான்: ரத்தத்தை உறையவைக்கும் புரதமான உறைதல் காரணி ஏதாவது குறைகிறதா, அல்லது காரணி இருந்தும் அதை வேலை செய்யவிடாமல் ஏதாவது தடுக்கிறதா? இதைப் பிரித்துப் பார்க்கத்தான் கலப்புச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும், ஆரோக்கியமான பலரிடமிருந்து சேர்த்துக் கலந்து வைத்திருக்கும் பிளாஸ்மாவையும் சரிபாதியாகக் கலந்து மறுபடியும் ஏபிடிடி பார்க்கிறோம். நோயாளியிடம் ஒரு காரணி அறவே இல்லாவிட்டாலும், கலவையில் அது பாதி அளவு வந்துவிடும். ஏபிடிடி இயல்பாக வருவதற்கு அந்தப் பாதியே போதும். ஆகவே நேரம் சரியானால் குறைபாடு, சரியாகாவிட்டால் தடுப்பான். பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

பெரியவரின் கலவை 36 வினாடி காட்டியது. அன்றைய இயல்பான பிளாஸ்மா தனியாக 31. வேறுபாடான 5ஐ நோயாளியின் 78ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 6 வருகிறது. இதை ரோஸ்னர் குறியீடு என்போம். 11க்குக் கீழே இருந்தால் சரியாகிவிட்டது, 15க்கு மேலே போனால் சரியாகவில்லை என்பது பல ஆய்வகங்களின் பொதுவான கணக்கு. வார்டிலிருந்த இளம் மருத்துவர் கணினியில் 36ஐப் பார்த்தார். "சரியாகிவிட்டதே, காரணிக் குறைபாடுதான்" என்று முடிவுசெய்து பிளாஸ்மா ஏற்றச் சொல்லிவிட்டார். அதே முடிவின் அடியில் 'இரண்டு மணி நேரக் கலவை நடந்துகொண்டிருக்கிறது' என்று நாங்கள் எழுதியிருந்த வரியை யாரும் படிக்கவில்லை.

அந்த வரிதான் முக்கியம். எட்டாம் காரணிக்கு எதிராக உடலே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருள் மெதுவாக வேலை செய்வது. அறை வெப்பத்தில் கலந்தவுடன் பார்த்தால், இயல்பான பிளாஸ்மாவிலிருந்து வந்த எட்டாம் காரணி இன்னும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நேரமும் சரியானதுபோலக் காட்டும். 37 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்தால்தான் எதிர்ப்பொருள் அந்தக் காரணியை மெல்ல மெல்ல அழிப்பது தெரியவரும்.

ஆனால் கலவையைச் சூட்டில் வைத்து மறுபடி பார்த்தால் மட்டும் போதாது. எட்டாம் காரணியும் ஐந்தாம் காரணியும் எளிதில் கெடுபவை. தடுப்பான் எதுவும் இல்லாவிட்டாலும் 37 டிகிரியில் இரண்டு மணி நேரத்தில் ஏபிடிடி சற்று நீளும். அதனால் நான்கு குழாய்கள் வைக்கிறோம். முதலாவதில் நோயாளியின் பிளாஸ்மா தனியாக, இரண்டாவதில் இயல்பான பிளாஸ்மா தனியாக, மூன்றாவதில் இரண்டும் கலந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் சூட்டுக்குள் போகும். இரண்டு மணி நேரம் கழித்து, தனித்தனியாக இருந்த முதல் இரண்டிலிருந்தும் சம அளவு எடுத்து நான்காவது குழாயில் கலப்போம். நான்காவதிலும் அதே சூடு, அதே காத்திருப்பு. எதிர்ப்பொருளுக்குக் காரணியோடு சேர்ந்திருக்கும் நேரம் மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாவதையும் நான்காவதையும் ஒப்பிடுவதுதான் சோதனையின் உயிர்.

பெரியவரின் முடிவு இப்படி வந்தது: அவருடைய பிளாஸ்மா தனியாக 81, இயல்பான பிளாஸ்மா 33, சேர்ந்தே இருந்த கலவை 62, கடைசியில் கலந்தது 39. சூட்டினால் மட்டும் வந்திருக்கக்கூடிய நீட்சி 39 வரைதான். 39க்கும் 62க்கும் இடையிலுள்ள 23 வினாடி தடுப்பானின் வேலை. உடனே எட்டாம் காரணியை அளந்தோம்: 2 விழுக்காடு. ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டாம் காரணிகள் இயல்பு. தடுப்பானின் வலிமையைச் சொல்லும் பெதஸ்டா அளவு 14. பிற்காலத்தில் வந்து சேரும் ஹீமோஃபீலியா இது. பிறவியிலேயே வருவது பெரும்பாலும் ஆண்களுக்கு மூட்டுகளில் ரத்தக்கசிவாகத் தெரியும். இதுவோ முதியவர்களுக்கும் பிள்ளை பெற்ற சில பெண்களுக்கும், தோலுக்கு அடியிலும் தசையிலும் பெரிய கன்றல்களாக வருவது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று கேட்பதில் பொருளில்லை.

இப்போது அந்தப் பிளாஸ்மாவைப் பற்றி. தடுப்பான் உள்ள உடலில் பிளாஸ்மா ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். ஏற்றிய எட்டாம் காரணியையும் எதிர்ப்பொருள் விழுங்கிவிடும். வயதான இதயத்துக்கு நீர்ச்சுமை ஏறியதுதான் மிச்சம். இவர்களுக்கு வேண்டியவை எட்டாம் காரணியின் தேவையைச் சுற்றிக்கொண்டு உறையவைக்கும் மருந்துகள், கூடவே எதிர்ப்பொருள் உண்டாவதை அடக்கும் ஸ்டீராய்டு போன்றவை. அதை ரத்தவியல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். அவரிடம் போவதற்கு ஒருநாள் தாமதமானால் அந்த ஒரு நாளில் எவ்வளவு ரத்தம் தசைக்குள் போகும் என்பதை யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எனக்கு அதிக எரிச்சல் தருவது அதுதான்.

கோவிலிலோ தேக்காவிலோ என்னைப் பார்ப்பவர்கள் கேட்பார்கள்: "அண்ணே, அக்காவுக்கு ரத்தம் நீர்த்துவிட்டதாம், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்." இல்லை தம்பி, நீர்க்கவில்லை. ஏபிடிடி என்பது கண்ணாடிக் குழாய்க்குள் நடக்கும் போட்டி. நாம் சேர்க்கும் வினைப்பொருளில் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள் சிறிதளவு இருக்கும். உறைதல் காரணிகள் அதன்மேல் உட்கார்ந்துதான் வேலை செய்யும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற எதிர்ப்பொருள் இருந்தால், பாஸ்போலிப்பிட்டோடு சேரும் புரதங்களைப் பற்றிக்கொண்டு அந்த இடத்தை முதலில் பிடித்துக்கொள்ளும். குழாயில் ரத்தம் தாமதமாக உறைகிறது. உடலுக்குள்ளோ கதை தலைகீழ்: அதே எதிர்ப்பொருள் ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு, ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டுகிறது. இவர்களுக்கு லூபஸ் நோயும் இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இல்லை.

அப்படித்தான் ஒரு பெண்மணிக்கு ஏபிடிடி 56 என்று பித்தப்பை அறுவை தள்ளிப்போனது. பிறகு, ரத்தம் கசியும் என்ற பயத்தில், அறுவைக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் கட்டித்தடுப்பு ஊசியையும் நிறுத்தினார்கள். காலில் ரத்தக்கட்டி வந்தது. அவருக்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்தது என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. கலப்புச் சோதனையில் கலந்தவுடனேயே 49, இரண்டு மணி நேரம் கழித்து 51. உடனே தடுக்கிறது, நேரத்தோடு பெரிதாக மாறவில்லை. பெரியவரின் 36, 62 என்ற எண்களின் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் உள்ளவருக்கு ரத்தம் கசிந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கூடவே புரோத்ராம்பினும் குறைந்திருக்கும் அரிய நிலை ஒன்று உண்டு. அப்போது பிடியும் நீண்டிருக்கும்.

எல்லா முடிவும் இவ்வளவு தெளிவாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வலுக்குறைந்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், சரிபாதி கலப்பில் நீர்த்துப்போய்ச் சரியானதுபோலக் காட்டும். அதனால் சில ஆய்வகங்கள் நான்கு பங்கு நோயாளி, ஒரு பங்கு இயல்பு என்றும் கலக்கின்றன. எட்டாம் காரணித் தடுப்பான் மிக வலுவாக இருந்தால் கலந்தவுடனேயே நேரம் நீண்டிருக்கும். கலப்புச் சோதனை திசையைத்தான் காட்டும். காரணி அளவீடும், பாம்பு நஞ்சைக் கொண்டு செய்யும் ரஸ்ஸல் வைப்பர் சோதனையும்தான் உறுதிப்படுத்தும். வெவ்வேறு மருத்துவமனைகளின் வினைப்பொருள்கள் லூபஸ் ஆன்டிகோயாகுலன்டுக்கு வெவ்வேறு அளவில் எதிர்வினை காட்டுவதால், அங்கே இயல்பாக இருந்தது இங்கே எப்படி நீண்டது என்று சண்டைக்கு வராதீர்கள்.

தாதியருக்கு ஒரு வேண்டுகோள். நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்புங்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, நேரம் பொய்யாக நீளும். பட்டாம்பூச்சி ஊசியில் எடுத்தால் முதல் குழாயைத் தூக்கிப்போடுங்கள், குழலிலுள்ள காற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஊதா மூடிக் குழாயில் மிஞ்சிய ரத்தத்தை இதில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் போட்டுக் கழுவிய குழலிலிருந்து எடுத்த ரத்தம் 'தடுப்பான்' போலவே நடிக்கும். அதனால்தான் கலப்பதற்கு முன் நாங்கள் த்ராம்பின் நேரத்தைப் பார்க்கிறோம். அது மிக நீண்டிருந்தால் முதல் சந்தேகம் ஹெப்பரின் மேல்தான்.

மருத்துவர்களுக்கு: படிவத்தில் மருந்துப் பட்டியலை எழுதுங்கள். ரிவரோக்ஸபன், டாபிகாட்ரன் போன்ற ரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரை எடுப்பவரின் ரத்தத்தை வெறும் படிவத்தோடு அனுப்பிவிட்டு, என்ன தடுப்பான் என்று எங்களைக் கேட்டால் என்ன சொல்வது? கசிகிறதா, கட்டியா, ஒன்றுமில்லையா என்று ஒரு வார்த்தை எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும். கசியும் நோயாளிக்குக் கலந்தவுடன் வந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மணி நேரக் கலவைக்குக் காத்திருங்கள், முடியாவிட்டால் எட்டாம் காரணியை நேரடியாக அளக்கச் சொல்லி ஆய்வகத்தை அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: முதியவருக்குக் காரணமில்லாமல் உள்ளங்கையைவிடப் பெரிய கன்றல் வந்தால் எண்ணெய் தேய்க்காதீர்கள், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். காரணம் தெரியும் வரை தசையில் ஊசி வேண்டாம். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்து, குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். காய்ச்சல், தொற்று வந்த சமயத்தில் தோன்றி மறைந்துவிடுவதும் உண்டு, ஒரே முடிவை வைத்து வாழ்நாள் முத்திரை குத்த முடியாது. ரத்தக்கட்டியைத் தடுக்கும் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுபவர் இந்தச் சோதனைக்காக அதைத் தானாக நிறுத்தக்கூடாது; எந்த வேளை சாப்பிட்டார் என்பதை மட்டும் தாதியிடம் சொன்னால் போதும்.