கல்லாவை எண்ணாமல் கல்யாணத்துக்குப் போகாதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். மளிகைக்கடை வைத்திருக்கிறார், நான் கணக்கு பார்க்கும் கடைகளில் ஒன்று. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பியவர், கல்லாவில் 2,000 ரூபாய் குறைகிறது என்று பல வருஷமாக இருந்த பையனைச் சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் பையன் வேலைக்கு வரவில்லை. அதற்கு அப்புறம்தான் என்னிடம் வருகிறார்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். காலையில் கல்லாவில் சில்லறையோடு 3,000. அன்றைய பில் மொத்தம் 28,450. அதில் யுபிஐ-யில் வந்தது 11,300, கடன் நோட்டில் ஏறியது 1,250. பழைய பாக்கி ரொக்கமாக வந்தது 2,000. எண்ணெய் ஏஜென்சி ஆளுக்குக் கொடுத்தது 6,400. அப்படிப் பார்த்தால் கல்லாவில் 14,500 இருக்க வேண்டும், எண்ணினால் 12,500தான். சரி, அந்த 3,000 எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எப்பவும் அவ்வளவுதாங்க இருக்கும்" என்றார். மொய்க்குப் பணம் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். பேச்சில்லை.

"நம்பிக்கையான ஆள் சார், செக்லிஸ்ட் எல்லாம் போட்டால் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பான்" என்று எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள், எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தாளில் எழுதாத நாளில்தான் சந்தேகம் வரும், ஐயா. காலையில் இருவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டிருந்தால், குறைந்த பணம் அவன் பொறுப்பில் இருந்தபோது போனதா, அதற்கு முன்பே போனதா என்று தாளே சொல்லியிருக்கும். நல்ல ஆளுக்குத்தான் அந்தத் தாள் அதிகம் தேவை, ஏனென்றால் கெட்ட பெயர் எடுத்தால் இழப்பதற்கு அவனிடம்தான் ஏதாவது இருக்கிறது. கேமரா இருக்கிறதே என்பார்கள். கேமராவில் கை தெரியும், அந்தக் கையில் இருந்தது 200 ரூபாய் நோட்டா 500 ரூபாய் நோட்டா என்று பெரும்பாலும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரப் பதிவை யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒரே ஒரு தாள் போதும். மேலே காலை இருப்பு, 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று நோட்டு வாரியாக, இரண்டு கையெழுத்தோடு. அதன் கீழே, பில் போடாமல் கல்லாவுக்குள் வந்த பணமும் கல்லாவை விட்டுப் போன பணமும், டீ வாங்கிய காசு உட்பட, நடந்த அந்த நிமிஷமே ஒரு வரி. முதலாளி எடுத்தாலும் எழுத வேண்டும், முதலாளி எடுத்தால் கட்டாயம் எழுத வேண்டும். சாப்பாட்டுக்கு ஆள் மாறினால் நடுவில் ஒரு முறை எண்ணிக் கைமாற்றுங்கள். ராத்திரி மறுபடி நோட்டு வாரியாக எண்ணி, பில் மொத்தம், யுபிஐ வரவு, கடன் மூன்றையும் பக்கத்தில் எழுதினால் முடிந்தது.

அடுத்து, எதை ஊழியரே முடிவு செய்யலாம் என்பது. உங்கள் போனை அடிக்க வைப்பது இதுதான். கடன் யாருக்கு, எவ்வளவு வரை என்று பெயர் எழுதி ஒட்டுங்கள், பட்டியலில் இல்லாதவர் கேட்டால் "அண்ணாச்சி நாளைக்கு வந்துடுவாருங்க" என்பதே பதில். அன்றைக்கு வரும் ஏஜென்சி ஆட்களுக்கான தொகையைக் கவரில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள், கவர் இல்லாதவருக்குப் பணம் கிடையாது. (ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏறாது, பெரிய தொகையை நீங்களே பேங்க் வழியாக அனுப்பிவிடுங்கள். மார்ச்சில் என்னோடு சண்டை வேண்டாம்.)

யுபிஐ விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், வரவு மெசேஜ் உங்கள் போனுக்கு மட்டும் வருகிற மாதிரி வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிச் சரக்கு கொடுப்பதைத் தவிர கடையில் இருப்பவனுக்கு வேறு வழி இருக்காது, போலித் திரை காட்டுகிறவனுக்கு அதுதானே வேண்டும். ஸ்பீக்கர் சொன்னால் சரக்கு. ஸ்பீக்கர் சார்ஜ் இறங்கினாலோ சிக்னல் போனாலோ பார்ப்பதற்குக் கடையிலேயே இருக்கும் ஒரு போனில் வரவைக் காட்டும் ஆப் இருக்க வேண்டும். வரவை மட்டும் பார்க்கும் அனுமதியை ஊழியருக்குத் தரும் வசதி பல வணிகர் ஆப்களில் உண்டு.

மாத முதல் வாரத்தில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். கூட்டம் குறைந்த ஒரு நாள், மத்தியானம் வரை மட்டும், வீட்டில் உட்காருங்கள். கடையிலிருந்து வரும் ஒவ்வொரு போனையும் எழுதி வையுங்கள், ஒவ்வொன்றும் உங்கள் தாளில் விட்டுப்போன ஒரு வரி. அதைச் சேர்த்து அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். போன் ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகு முழு நாள் போகலாம்.

திரும்பி வந்ததும் பணம் குறைந்தால், அந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணுங்கள், கடன் நோட்டையும் கவர்களையும் பாருங்கள், அப்புறம் உங்கள் சட்டைப்பையைப் பாருங்கள். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது.