ஆங்கிலத்தில் ‘தான்’ எங்கே இருக்கிறது?

கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் ஓர் ஆலையிலிருந்து லண்டனில் இருக்கும் வாடிக்கையாளரிடம் ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “முதல் கன்டெய்னர் திங்கட்கிழமை கிளம்புகிறது, அப்படித்தானே?” என்று அந்த வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் கேட்கிறார். உண்மையில் திங்களன்று கிளம்புவது இரண்டாவது கன்டெய்னர். நம்மவர் இலக்கணப் பிழை எதுவும் இல்லாமல் திருத்துகிறார்: “த செகண்ட் கன்டெய்னர் இஸ் லீவிங் ஆன் மன்டே.” லண்டன்காரரோ இரண்டு கன்டெய்னர்களும் திங்களன்றே கிளம்புகின்றன என்று புரிந்துகொள்கிறார்.

இதே பதிலைத் தமிழில் சொல்லியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. “இரண்டாவது கன்டெய்னர்தான் திங்கட்கிழமை கிளம்புகிறது.” எவ்வளவு தட்டையான குரலில் சொன்னாலும், ஏன், எழுதி அனுப்பினாலும்கூட, பொருள் மாறாது. அழுத்தம் ‘தான்’ என்ற இடைச்சொல்லில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கித் ‘திங்கட்கிழமைதான்’ என்று வைத்தால் போதும், செய்தியே மாறிவிடும். ஏகாரமும் இந்த வேலையைச் செய்யும். ஆங்கிலத்தில் இதற்கு ஈடான சிறு ஒட்டு கிடையாது. அங்கே அந்த வேலையில் பெரும்பகுதியைக் குரல்தான் செய்கிறது. நம்மவர் ஆங்கிலத்துக்கு மாறும்போது ‘தான்’ கழன்று விழுந்துவிடுகிறது. அதன் இடத்தில் வர வேண்டிய குரல் மாற்றம் வருவதில்லை. ‘எஸ்டர்டே ஒன்லி’ என்று நம் ஊரில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டும் ‘ஒன்லி’, அந்தக் காலி இடத்தை நிரப்ப நாம் கண்டுபிடித்த வழி என்றே நான் கருதுகிறேன்.

ஆங்கிலேயர் அந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வார்? ‘செகண்ட்’ என்பதன் முதல் அசையில் குரல் மேலே எழும், உயிரொலி நீளும். அடுத்து நடப்பதுதான் முக்கியம்: அதன் பிறகு வாக்கியம் முடியும்வரை குரல் தாழ்ந்தே செல்லும். ‘கன்டெய்னர்’, ‘மன்டே’ இரண்டும் கேட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை என்பதால் அவற்றில் குரல் மறுபடி ஏறாது. ‘கன்டெய்னர்’ என்பதன் முதல் அசையும் கடைசி அசையும் ‘செகண்ட்’ என்பதன் இரண்டாம் அசையும் எப்போதும்போல் முனகலாகச் சுருங்கிவிடும். ‘இஸ்’ வெறும் ‘ஸ்’ ஆகி முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்.

நமக்கு இது இயல்பாக வராததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ‘படம்’ என்பதன் முதல் உயிரை நீட்டினால் ‘பாடம்’ ஆகிவிடும். நீளம் சொல்லின் பொருளையே தாங்குவதால், முக்கியத்துவத்தைக் காட்டுவதற்காக அதை இஷ்டம்போல் நீட்டவோ குறுக்கவோ நாம் தயங்குகிறோம். உயிரொலி சுருங்குவது தமிழுக்குப் புதிதல்ல. ‘நாடு’, ‘பாட்டு’ என்பவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் அது சொல்லில் அந்த எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்தச் சொல் செய்திக்கு முக்கியமா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

1945-இல் கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலாளர், ஆங்கிலத்தில் அழுத்த அசைகளும் வேறு சில மொழிகளில் எல்லா அசைகளும் சம இடைவெளியில் விழுவதாகப் பிரித்துக் காட்டினார். பின்னால் கருவிகள் வைத்து அளந்தவர்களுக்கு அந்தச் சம இடைவெளி கிடைக்கவில்லை. ஆனாலும் காதுக்குத் தெரியும் வேறுபாடு பொய்யல்ல. அழுத்தம் இல்லாத உயிர்கள் எவ்வளவு சுருங்குகின்றன, மெய்யெழுத்துகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதிலிருந்து அது பிறக்கிறது.

அழுத்தம் கொடுங்கள் என்று சொன்னால் பலர் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். ‘செகண்ட்’ என்று ஓங்கிச் சொல்லிவிட்டு, ‘கன்டெய்னர்’, ‘மன்டே’ ஆகியவற்றிலும் குரலை ஏற்றுகிறார்கள். தமிழில் பொதுவாக ஒவ்வொரு சொல்லிலும் குரல் சற்று ஏறி இறங்கும். அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. எல்லாம் ஏறினால் எதுவும் தனித்துத் தெரியாது. அதிலும் கடைசி ஏற்றத்தைத்தான் ஆங்கிலக் காது முக்கியமான செய்தியாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த லண்டன்காரர் ‘மன்டே’யைப் பிடித்துக்கொண்டார். உயர்த்துவதைவிட, உயர்த்திய பிறகு தாழ்த்தியே வைத்திருப்பதுதான் பழக வேண்டிய வேலை.

இதைச் சோதிப்பது எளிது. அதே வாக்கியத்தை மூன்று கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்: திங்களன்று எந்தக் கன்டெய்னர் கிளம்புகிறது? இரண்டாவது கன்டெய்னர் திங்களன்று வந்து சேர்கிறதா, கிளம்புகிறதா? அது என்றைக்குக் கிளம்புகிறது? கேள்விகளைக் கலைத்துவிட்டுப் பதில்களை மட்டும் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டி, எது எந்தக் கேள்விக்கு உரியது என்று கேளுங்கள். அவர் தடுமாறினால், Praat என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவைத் திறந்து சுருதிக் கோட்டைப் பாருங்கள். முதல் பதிலில் ‘செகண்ட்’ என்பதற்குப் பிறகு அந்தக் கோடு மறுபடி மேடேறினால், சிக்கல் அந்த மேட்டில்தான் இருக்கிறது.