ஆல் அவுட் ஆனால் முழு ஓவரும் கணக்கில் வரும்

தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பொங்கல் கிரிக்கெட் டோர்னமென்ட் லீக் ஆட்டங்கள் முடிந்தால், புள்ளிப்பட்டியல் ஒட்டிய இடத்தில் ஒரு தகராறு நிச்சயம். ஸ்கோர் எழுதப் போகிற எனக்கு இது அலுத்துவிட்டது. இந்த முறை ஒரு நல்ல அணி, கமிட்டி போட்ட தப்புக் கணக்கால் அரையிறுதிக்குப் போகாமல் வீட்டுக்குப் போனது.

புள்ளி சமமாக நிற்கும் அணிகளில் யார் மேலே என்று பார்க்கும் நெட் ரன் ரேட் என்பது, நாம் எடுத்த மொத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து நாம் கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுத்ததைக் கழிப்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுக்கக் கூடாது. எல்லா லீக் ஆட்டங்களையும் கூட்டிவிட்டு ஒரே தடவை வகுக்க வேண்டும்.

தகராறு வருவது ஆல் அவுட்டில். எட்டு ஓவர் ஆட்டத்தில் ஐந்தே ஓவரில் சுருண்டாலும் எட்டால்தான் வகுக்க வேண்டும். "ஆடினதே அஞ்சு ஓவர்தானே" என்று கேட்காதீர்கள். எட்டு ஓவர் உங்களுக்குக் கொடுத்தார்கள், நீங்கள் நிற்கவில்லை. ஐந்தால் வகுத்தால், கண்ணை மூடிக்கொண்டு அடித்து அவுட் ஆகிறவனுக்குப் பரிசு கொடுத்தது போலாகிவிடும்.

நடந்தது இதுதான். ஒரு அணி முதல் ஆட்டத்தில் 80 அடித்து 70 கொடுத்தது, அடுத்ததில் 72 அடித்து 64 கொடுத்தது. இரண்டிலும் இரு தரப்பும் எட்டு ஓவர் முழுக்க ஆடின. மூன்றாவதில் ஐந்து ஓவரில் 40 ரன்னுக்கு ஆல் அவுட். எதிரணி ஐந்து ஓவரில் 41 எடுத்து ஜெயித்தது. எடுத்தது 192, அதற்கு 24 ஓவர், அதாவது 8.000. கொடுத்தது 175, அதற்கு 21 ஓவர், 8.333. விடை -0.333. கமிட்டியோ 192-ஐ 21 ஓவரால் வகுத்து +0.810 என்று எழுதிவிட்டது. சம புள்ளியில் இருந்த இன்னொரு அணிக்கு +0.250. போக வேண்டியது அவர்கள்.

2019 உலகக் கோப்பையில் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் 11 புள்ளி, ஐந்து வெற்றி என்று சமமாக நின்றன. பாகிஸ்தானை -0.430-இல் விட்டதில் பெரும் பங்கு முதல் ஆட்டத்துக்கு. 21.4 ஓவரில் 105 ரன்னுக்குச் சுருண்டார்கள்; அது 50 ஓவராகவே கணக்கானது. வெஸ்ட் இண்டீஸ் 13.4 ஓவரில் எட்டிப் பிடித்தது. நியூசிலாந்து +0.175-உடன் அரையிறுதிக்குப் போனது.

நேருக்கு நேர் ஜெயித்தவனை அனுப்பலாமே என்பார்கள். மூன்று அணி சமமாக நின்று ஒருவரை ஒருவர் வட்டமாக ஜெயித்திருந்தால் யாரை அனுப்புவீர்கள்?

அப்புறம், 13.4 என்பது பதின்மூன்று ஓவர் நான்கு பந்து. கால்குலேட்டரில் 13.667 என்று போடுங்கள். விக்கெட் மிச்சம் இருப்பது எதையும் மாற்றாது. கமிட்டித் தம்பிகளே, ஸ்கோர் புக்கில் ஆல் அவுட் என்பதைப் பெரிதாக எழுதி வையுங்கள். பட்டியலை ஒட்டும் முன் இரண்டு அணி கேப்டன்களையும் கூப்பிட்டு, அவர்கள் கண் முன்னால் வகுத்துக் காட்டுங்கள்.