வெயிலில் மறையும் விலை

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கும் வாசகி ஒருவர் தம் விளம்பரப் படத்தை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஆரஞ்சு நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் விலையைத் தெளிவாகப் போட்டிருந்தும், வயதான வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்து "விலை என்னம்மா?" என்றே கேட்கிறார்களாம். எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் தெரியவில்லை என்பது அவருடைய கேள்வி.

எழுத்து தெரிவதும் தெரியாமல் போவதும் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. எழுத்திலிருந்து வரும் ஒளிக்கும் பின்னணியிலிருந்து வரும் ஒளிக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதே முதன்மையானது. நிறங்கள் வேறாக இருந்தாலும் ஒளி ஒன்றாக இருக்கலாம். நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகுந்த வெளிச்சமாகத் தோன்றும், அடுத்தது சிவப்பு, நீலம் மிகவும் குறைவு. ஒரு வெண்மையின் வெளிச்சத்தை 100 பங்காகக் கொண்டால் அதில் ஏறத்தாழ 72 பங்கு பச்சையிலிருந்தும், 21 பங்கு சிவப்பிலிருந்தும், 7 பங்கு நீலத்திலிருந்தும் வருகின்றன. திரையில் ஒரு நிறத்தின் சிவப்பு, பச்சை, நீல எண்கள் மூன்றையும் முதலில் அவை தரும் உண்மையான ஒளியளவாக மாற்றி, பிறகு இந்தக் கணக்கில் சேர்த்தால் அதன் ஒளிர்வு கிடைக்கும். வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0, வாசகி பயன்படுத்திய ஆரஞ்சுக்கு (`#FFA500`) ஏறத்தாழ 0.48.

இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிமுறை இரு நிறங்களின் வேறுபாட்டை இப்படிக் கணக்கிடுகிறது. L1 வெளிச்சம் கூடிய நிறத்தின் ஒளிர்வு, L2 மற்றதன் ஒளிர்வு.

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

வெள்ளையும் ஆரஞ்சும் சேர்ந்தால் 1.05 வகுத்தல் 0.53, அதாவது ஏறத்தாழ 2. சாதாரண அளவு எழுத்துக்கு இந்த விகிதம் 4.5 ஆகவாவது இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு 3 போதும் என்பது நெறிமுறை. வாசகியின் படம் இரண்டையும் எட்டவில்லை. 4.5 என்ற எண்ணுக்குப் பின்னால் முதுமை இருக்கிறது: இயல்பான பார்வைக்கு 3 போதும் என்ற பழைய அளவை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 80 வயதினரின் பார்வைக்கூர்மைக் குறைவை ஈடுசெய்ய அதை ஒன்றரை மடங்காக்கினார்கள்.

இந்தச் சூத்திரத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அந்தச் சிறிய 0.05 தான். கறுப்பு என்று நாம் சொல்லும் திரை உண்மையில் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. அறையின் விளக்கொளி அதன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வந்துகொண்டேயிருக்கிறது. அந்த அழையா ஒளி எழுத்தின் மீதும் விழுகிறது, பின்னணியின் மீதும் விழுகிறது. இரண்டிலும் ஒரே அளவு கூடினால் கழித்தல் கணக்கில் ஒன்றும் மாறாது, ஆனால் வகுத்தல் கணக்கில் விகிதம் சுருங்கிவிடும். கண் பார்ப்பது பெரும்பாலும் விகிதத்தைத்தான்.

இப்போது அந்த வாடிக்கையாளர் வாசலில் வெயிலில் நின்று கைபேசியைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 0.05 என்பதற்குப் பதிலாக 0.3 என்று போட்டுப் பாருங்கள்: ஆரஞ்சின் மீதிருக்கும் வெள்ளை 1.3 வகுத்தல் 0.78, அதாவது 1.7 ஆகத் தேய்ந்துவிடுகிறது. சரி, எழுத்தைக் கறுப்பாக்கினால்? அறைக்குள் விகிதம் 10.6, நெறிமுறைப்படி மிக நன்று. அல்லது ஆரஞ்சை விட்டுவிட்டு அரக்கு நிறப் பின்னணியில் (`#800000`) வெள்ளை எழுத்தை வைத்தால் அறைக்குள் 10.9, ஏறத்தாழ அதே அளவு. ஆனால் வெயிலில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஆரஞ்சின் மீதிருக்கும் கறுப்பு 2.6 ஆக இறங்க, அரக்கின் மீதிருக்கும் வெள்ளை 3.8 இல் நிற்கிறது. அழையா ஒளி மிகுதியாகக் கெடுப்பது இருண்ட பகுதியைத்தான். ஆகவே வெளிச்சமான பகுதி திரை தரக்கூடிய முழு வெண்மையாக இருக்கும்போது வேறுபாடு கூடுதலாகத் தாக்குப்பிடிக்கிறது.

முதியவரின் கண்ணுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரை தொடங்கிவிட்டால் வில்லையே ஒளியைச் சிதறடித்து, படத்தின் வெளிச்சமான பகுதிகளிலிருந்து வரும் ஒளியை இருண்ட பகுதிகளின் மீது தூவிவிடும். அதாவது அவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் சற்றே வெயிலில் நிற்கிறார். வில்லை மங்கியவர்களில் பலர் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தை எளிதாகப் படிப்பதற்கும் இதுவே காரணம்: பின்னணி இருண்டிருந்தால் சிதறுவதற்கு ஒளியே குறைவு.

சூத்திரத்துக்கு வரம்பும் உண்டு. அது நிறத்தை மட்டும் பார்க்கிறது, எழுத்தின் கோடு எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதில்லை. தமிழுக்கு இது பெரிய குறை. மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் மங்கலில் ஒன்றாகிவிடும்; மெல்லிய எழுத்துருவில் புள்ளி கரைந்தால் "பட்டு" என்பது "படடு" ஆகிவிடும். தமிழ் எழுத்தின் சுழிகளும் புள்ளிகளும் முதிய கண்ணுக்கு எந்தத் தடிமனில், எந்த வேறுபாட்டில் தெரிகின்றன என்று அளக்கும் ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் நல்கை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குச் செலவும் அதிகமாகாது, கண் மருத்துவமனைகளும் எழுத்துரு வடிவமைப்பாளர்களும் இங்கேயே இருக்கிறார்கள்.

உங்கள் படத்தைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். கைபேசியின் அமைப்புகளில் கறுப்பு வெள்ளைக் காட்சியை இயக்கி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, கை நீட்டிய தூரத்தில் வைத்து விலையைப் படியுங்கள். பச்சையின் மீது சிவப்பு போன்ற இணைகள் அப்போதே ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். `#008000` பச்சையின் மீது முழுச் சிவப்புக்கு விகிதம் வெறும் 1.3 தான்.

காணொளியில் பின்னணி நொடிக்கு நொடி மாறுவதால், ஒரு காட்சியில் நன்றாகத் தெரிந்த வெள்ளை வசனவரி அடுத்த காட்சியில் வெள்ளைச் சேலையின் மீது விழுந்து மறைந்துவிடும். எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்றை வைத்துவிட்டால் பின்னணி எதுவானாலும் கவலையில்லை. தானாக உருவாகும் வசனவரிகளை வெளியிடுமுன் ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். சேலையின் பெயரும் விலையும் தவறாக விழுந்திருந்தால், காது கேளாதவருக்கு அதைச் சரிபார்க்க வேறு வழியில்லை.

பார்வையே இல்லாதவருக்கு எந்த விகிதமும் உதவாது. அவருடைய கைபேசியில் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் படத்துடன் இணைத்த மாற்று உரையைக் குரலாக்கிச் சொல்கிறது. அது எழுதப்படவில்லையெனில் பல இடங்களில் "படம்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும். இன்ஸ்டாகிராமில் பதிவிடும்போது மாற்று உரைக்கான இடம் இருக்கிறது. வாசகியின் படத்துக்கு நான் எழுதித் தந்தது இது: "அரக்கு நிறச் சுங்குடிப் பருத்திச் சேலை, உடல் முழுவதும் சிறு வெள்ளைப் புள்ளிகள், மாம்பழ மஞ்சள் கரை. விலை 850 ரூபாய்." "அழகான சேலை" என்பது வாங்குபவருக்கு ஒன்றும் சொல்லாது, நிறம், துணி, கரை, விலை ஆகியவையே அவர் தொலைபேசியில் கேட்கப்போகும் செய்திகள்.

மாற்று உரைக்கு இடமில்லாத செயலியில் அதே வரிகளைப் படத்தின் கீழே சாதாரண எழுத்தாகவே போட்டுவிடலாம். படத்துக்குள் பொறித்த எழுத்து கைபேசியின் எழுத்தளவைக் கூட்டினாலும் பெரிதாவதில்லை. கீழே தட்டச்சு செய்த வரியோ, ஏற்கெனவே எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கும் முதியவரின் கைபேசியில் அவருக்கேற்ற அளவிலேயே வந்து நிற்கும்.