உங்கள் மைக்ரோமீட்டரின் அளவு எங்கிருந்து வருகிறது?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கையில் 0–25 மிமீ மைக்ரோமீட்டர், அதில் கேலிபிரேஷன் ஸ்டிக்கர். "இதன் அளவை எப்படி நம்புவது?" என்று ஆடிட்டர் கேட்டால் ஸ்டிக்கர் மட்டும் போதாது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, மீட்டர் என்ற அலகு வரை ஏறிக் காட்ட வேண்டும்.

மைக்ரோமீட்டரை உங்கள் அளவறையில் கேஜ் பிளாக் என்னும் துல்லிய நீளக் கட்டையை வைத்துச் சரிபார்த்திருப்பார்கள். அந்த பிளாக்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்று தன் மேல்நிலை பிளாக்கோடு ஒப்பிட்டிருக்கும். ஆய்வகத்தின் பிளாக், பொதுவாக, செப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் வரை போய்ச் சேரும். உச்சியில் பிளாக்கின் நீளத்தை லேசர் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு அளப்பார்கள். வெற்றிடத்தில் ஒளி 1/299,792,458 நொடியில் கடக்கும் தூரமே 1983 முதல் ஒரு மீட்டர்.

கீழே இறங்க இறங்க அளவின் ஐயப்பாடு, அதாவது உண்மை நீளம் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது, கூடிக்கொண்டே வரும். ஒவ்வொரு சான்றிதழிலும் அது எண்ணாக எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத தாளோடு சங்கிலி அறுந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது 'சாம்' முத்திரையை. ஸ்டாண்டர்ட்ஸ் மலேசியா, ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி ஆய்வகங்களுக்குத் தரும் அங்கீகாரம் அது. ஆனால் எடைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு நீளத்திலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் பிளாக்கின் நீளம் அந்த ஆய்வகத்தின் அங்கீகார வரம்புக்குள் வருகிறதா என்று பட்டியலில் தேடிப் பாருங்கள். பலரும் இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தும் அளவு பிசகலாம். பூஜ்யம் சரிபார்த்த பிறகும் 25 மிமீ பிளாக், மைக்ரோமீட்டரில் 24.997 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழில் உள்ள நீளம் 20 டிகிரி செல்சியஸில் உள்ள நீளம். குளிரூட்டிய அறையிலிருந்து பிளாக்கை இப்போதுதான் எடுத்து வந்தீர்கள். மைக்ரோமீட்டரோ 30 டிகிரி தளத்திலேயே கிடந்தது. எஃகு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மிமீக்கு 10 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 2.9 மைக்ரான். காணாமல் போன 3 மைக்ரான் இதுதான், கருவியில் குறையில்லை.

இரண்டையும் கிரானைட் மேசையில் சில மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையுறையோடு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 24.997 வந்தால் மைக்ரோமீட்டரைத் தனியே எடுத்து வையுங்கள். கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து அதில் அளந்த பொருள்களின் பதிவுகளை எடுங்கள். 12.000 ± 0.010 மிமீ தண்டுகளில் எல்லையை ஒட்டி நின்றவற்றை மறுபடி அளக்க வேண்டும். பழைய அளவுகள் செல்லுமா என்று ஆராய்ந்து பார்க்க ஐஎஸ்ஓ 9001ம் கேட்கிறது.