எட்டு வரி அட்டவணைக்கு எந்த வரைபடம்?

“அட்டவணையை ஒட்டிவிட்டு, கீழே ‘கிராஃப் போட்டுக் கொடுங்க’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். பட்டையா, கோடா, வட்டமா? எதை வைத்து முடிவு செய்வது?” என்று அலுவலக அறிக்கைகள் தயாரிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐ.நா. கணக்குப்படி உலக மக்கள்தொகை ஒவ்வொரு நூறு கோடியைத் தொட்ட ஆண்டுகளை வைத்துப் பார்ப்போம்.

| ஆண்டு | மக்கள்தொகை (கோடி) |
|---|---|
| 1804 | 100 |
| 1927 | 200 |
| 1960 | 300 |
| 1974 | 400 |
| 1987 | 500 |
| 1999 | 600 |
| 2011 | 700 |
| 2022 | 800 |

வட்டப்படத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இரண்டாம் பத்தியைக் கூட்டினால் 3,600 கோடி வருகிறது. அப்படி ஒரு மக்கள்தொகை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூட்டுத்தொகைக்குப் பொருள் இல்லாத இடத்தில் வட்டத்துக்கும் வேலை இல்லை.

அடுத்து முதல் பத்தி. அதில் இருப்பவை பெயர்களா, அளவுகளா? மாவட்டப் பெயர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே தூரம் என்று எதுவும் கிடையாது. சம இடைவெளியில் பட்டைகளை நிறுத்தலாம். ஆண்டு அப்படியல்ல. 1804க்கும் 1927க்கும் நடுவே 123 ஆண்டுகள், 2011க்கும் 2022க்கும் நடுவே 11 ஆண்டுகள்தான். தாளில் அந்தத் தூரம் தெரிந்தாக வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். எக்செல் போன்ற விரிதாளில் கோட்டு வரைபடத்தைத் (`Line`) தேர்ந்தெடுத்து, ஆண்டுகளைக் கிடை அச்சில் கொடுத்துப் பாருங்கள். மென்பொருள் அவற்றை எண்களாக எடுத்துக்கொள்வதில்லை. வெறும் பெயர்ச்சீட்டுகளாக நினைத்து எட்டையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுகிறது. நெடு அச்சிலோ ஒவ்வொரு படியும் சரியாக நூறு கோடி. இரு பக்கமும் சமமான படிகள் என்றால் வரும் வடிவம் ஒன்றுதான்: அளவுகோல் வைத்து இழுத்தது போன்ற நேர்கோடு. இருநூறு ஆண்டுகளாக மக்கள்தொகை ஒரே சீராக வளர்ந்தது என்று அந்தப் படம் சொல்கிறது. அட்டவணையில் ஒரு எண்கூடத் தவறில்லை, படம் சொல்வது முழுப் பொய்.

அதே எண்களைச் சிதறல் வரைபடத்தில் (`Scatter`) போட்டால் ஆண்டு அளவாகிவிடும். 1927 வரை ஏறக்குறைய படுத்துக் கிடக்கும் புள்ளிகள், 1960 தாண்டியதும் செங்குத்தாக ஏறுகின்றன. 1974க்குப் பிறகு இன்னொன்றும் தெரிகிறது. இடைவெளிகள் 13, 12, 12, 11 ஆண்டுகள் என வருவதால் அந்தப் பகுதி கிட்டத்தட்ட நேர்கோடுதான். பலர் இதைக் கட்டற்ற வெடிப்பு என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்க மாட்டேன். நானூறு கோடியில் நூறு கோடி சேர்ந்தால் 25 விழுக்காடு, எழுநூறு கோடியில் சேர்ந்தால் 14 விழுக்காடு. கோடு நேராகப் போகிறது என்றாலே வளர்ச்சி விகிதம் குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் படத்தில் தவறு நேர்ந்திருக்கிறதா என்று பார்க்க, கிடை அச்சில் முதல் இரண்டு ஆண்டுகளின் தூரத்தையும் கடைசி இரண்டின் தூரத்தையும் ஒப்பிட்டால் போதும். உச்சியை ஒட்டி இன்னொரு கோடு ஓடினால், விரிதாள் ஆண்டுப் பத்தியையே தரவாக எடுத்து வரைந்துவிட்டது என்று அர்த்தம்.

புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும்போது ஒரு எச்சரிக்கை. 1804க்கும் 1927க்கும் நடுவே நேர்கோடு இழுத்தால் 1900இல் 178 கோடி என்று காட்டும். அந்த ஆண்டுக்கான மதிப்பீடு சுமார் 165 கோடிதான். அங்கே கோடு நம் கற்பனை. ஆகவே புள்ளிகளைப் பெரிதாகவும் கோட்டை மெலிதாகவும் வைப்பேன்.

பள்ளித் தேர்வுகளில் “பட்டை விளக்கப்படம் வரைக” என்று வகையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். எந்தப் படம் என்று மாணவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதே அட்டவணைக்குப் பட்டையும் பொருந்தும், கேள்வி மாறினால். அனுப்பியவர் அறிய விரும்புவது “ஒவ்வொரு நூறு கோடிக்கும் எவ்வளவு காலம் பிடித்தது?” என்பதாக இருக்கலாம். அப்போது 123, 33, 14, 13, 12, 12, 11 என்று புதிய பத்தி ஒன்றைக் கணக்கிட்டு ஏழு பட்டைகள் போடுவேன். அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். பட்டையில் நாம் ஒப்பிடுவது நீளத்தை, அடியை வெட்டினால் விகிதம் கெட்டுவிடும். 1984இல் புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கிலும் நடத்திய சோதனைகளில், ஒரே அளவுகோலில் அமைந்த இடத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது, கோணத்தில் அதிகம் தடுமாறுகிறது என்று தெரிந்தது. பட்டைகளின் நுனிகள் ஒரே அளவுகோலில் நிற்கின்றன, வட்டப்படமோ கோணத்தை நம்பியிருக்கிறது. பட்டையை நான் நம்புவது அதனால்தான்.

கேட்டவரிடம் திரும்பக் கேட்க வழியில்லை என்றால் சிதறல் படத்தை அனுப்பி, “எப்படி வளர்ந்தது என்று காட்டியிருக்கிறேன், எவ்வளவு காலம் பிடித்தது என்று வேண்டுமானால் பட்டைப்படம் தருகிறேன்” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.