சாமியின் கடைசி எழுத்து: தவறான ஒட்டுமொத்த மாற்றத்தை மீட்பது எப்படி?

டர்பனில் எங்கள் சிறு குழு, நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களைத் தட்டச்சு செய்து வருகிறது. ஒரு கப்பலுக்கு ஒரு கோப்பு, ஓர் ஆளுக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் அன்றைய அரசு அவருக்குக் கொடுத்த காலனி எண், அடுத்து பெயர், வயது, ஊர். அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால், முனிசாமி என்ற ஒரே பெயர் `Munisami`, `Moonsamy`, `Moonisamy` என்று பலவாறாகக் காணப்படுகிறது. அந்த எழுத்துகளை அப்படியே காப்பதுதான் எங்கள் வேலையின் உயிர்.

ஒரு நாள் பெயர்களைத் தேட எளிதாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், குழுவில் ஒருவர் 212 கோப்புகளிலும் இந்தக் கட்டளையை ஓட்டிவிட்டார்:

```
sed -i 's/sami/samy/g' *.txt
```

இரண்டு நாள் கழித்து, சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஓர் அம்மா, தன் குடும்பச் சான்றிதழில் `Ramasami` என்றிருக்க எங்கள் பட்டியலில் ஏன் `Ramasamy` என்றிருக்கிறது என்று கேட்டார். மூலப் பதிவேட்டின் படத்தைத் திறந்து பார்த்தோம். அவர் சொன்னதே சரி.

அப்போது எல்லோருக்கும் முதலில் தோன்றியது, கட்டளையைத் திருப்பிப் போட்டுவிடலாம் என்பதுதான்: `samy` என்பதை `sami` என்று மாற்றினால் போயிற்று. அது ஏன் கூடாது என்பதைப் பழைய பேக்கப்பை எண்ணிப் பார்த்தபோது தெளிவாகக் கண்டோம். மாற்றத்திற்கு முன் `sami` 1,846 இடங்களிலும் `samy` 391 இடங்களிலும் இருந்தன. மாற்றத்திற்குப் பின் இரண்டும் கலந்து 2,237 `samy` ஆகிவிட்டன. எவை பிறவியிலேயே `samy`, எவை மாற்றப்பட்டவை என்று சொல்லும் அடையாளம் எதுவும் இப்போது கோப்புக்குள் இல்லை. திருப்பிப் போட்டால் 1,846 சரியாகும், 391 புதிதாகக் கெடும். இரண்டு ஆறுகள் கலந்த பிறகு எந்த நீர் எந்த ஆற்றுடையது என்று பிரிக்க முடியாததைப் போன்றது இது. புதிதாக இடப்படும் சொல் கோப்புகளில் முன்பு ஓரிடத்திலும் இல்லாதிருந்தால் மட்டுமே எதிர்மாற்றம் முழுமையாக மீட்கும். மாற்றத்திற்கு முன்பே அதைச் சோதித்துக்கொள்ளலாம்:

```
grep -o 'samy' *.txt | wc -l
```

விடை 0 என்று வந்தால் திரும்பி வரும் வழி திறந்திருக்கிறது என்று பொருள். மாற்றத்திற்குப் பின் இந்த எண்ணிக்கை எதையும் சொல்லாது.

அப்படியானால் பேக்கப்பை எடுத்து அப்படியே போட்டுவிட வேண்டியதுதானே? எங்களிடம் மாற்றத்திற்கு முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. ஆனால் இடைப்பட்ட இரண்டு நாள்களில் மூவர் உட்கார்ந்து ஏறக்குறைய 600 புதிய வரிகளைச் சேர்த்திருந்தார்கள், பழைய வரிகள் பலவற்றில் வயதையும் ஊரையும் திருத்தியிருந்தார்கள். பேக்கப்பை மேலே போட்டால் பெயர்கள் மீளும், அந்த உழைப்பு போய்விடும்.

கோப்புகள் கிட் களஞ்சியத்தில் இருந்து, மாற்றம் தனி கமிட்டாக இருந்திருந்தால், `git revert` என்று சொல்லி அந்த கமிட்டின் எண்ணைக் கொடுத்தாலே போதும். பிந்தைய வேலை அப்படியே நிற்கும். கமிட் செய்யாத நிலையில் கண்டுபிடித்தால் `git restore .` பழைய நிலையைக் கொண்டுவரும், ஆனால் கமிட் செய்யாத மற்றத் திருத்தங்களையும் சேர்த்து அழித்துவிடும். எங்களிடம் களஞ்சியமே இல்லை. ஆயினும் `git revert` உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால், அதையே கையால் செய்துகொள்ள முடியும்.

அது செய்வது மும்முனை இணைப்பு. கெட்ட கமிட்டுக்குப் பிந்தைய நிலையை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. அந்த அடிப்படையிலிருந்து இன்றைய கோப்பு எப்படி மாறியிருக்கிறது என்பது ஒரு பக்கம். அதே அடிப்படையிலிருந்து கெடுவதற்கு முந்தைய கோப்பு எப்படி வேறுபடுகிறது என்பது மறுபக்கம். இரு பக்கத்து வேறுபாடுகளையும் ஒன்றாகச் சேர்த்தால், புதிய உழைப்பும் பழைய எழுத்துகளும் ஒரே கோப்பில் வந்து சேரும். எங்களிடம் இன்றைய கோப்பு இருந்தது, நல்ல பேக்கப் இருந்தது. இல்லாதது மாற்றம் நிகழ்ந்த அந்த நொடியின் கெட்ட கோப்பு மட்டுமே. அதையும் உண்டாக்கிக்கொள்ளலாம், ஏனெனில் அந்தக் கட்டளை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விதமாகத்தான் கெடுக்கும். முதலில் இன்றைய கோப்புறை முழுவதையும் `now` என்று ஒரு நகல் எடுத்துவிட்டு, எந்தக் கட்டளை ஓட்டப்பட்டது என்பதை `history` மூலம் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பின், நல்ல பேக்கப்பின் மீது அதே கட்டளையை ஓட்டினோம்:

```
sed 's/sami/samy/g' good/kappal-07.txt > bad.txt
git merge-file now/kappal-07.txt bad.txt good/kappal-07.txt
```

இரண்டாம் வரியில் கோப்புகளின் வரிசை முக்கியம்: இன்றையது, அடிப்படை, நல்லது. இதற்குக் களஞ்சியம் தேவையில்லை, கிட் நிறுவியிருந்தால் போதும். இதையே ஒரு சிறு சுழற்சியில் வைத்து 212 கோப்புகளுக்கும் ஓட்டினோம்.

203 கோப்புகள் சத்தமில்லாமல் சேர்ந்தன. எஞ்சிய ஒன்பதில் 23 இடங்களில் முரண்பாடு வந்து, `<<<<<<<` என்ற குறிகளுக்கு நடுவே இரண்டு வடிவங்களும் நின்றன. ஒரே வரியில் பெயர் கெட்டும் வயது திருத்தப்பட்டும் இருந்தால் கருவி வரியை முழுதாகவே பார்ப்பதால், எதை வைப்பது என்று அதற்குத் தெரியாது. அடுத்தடுத்த வரிகளில் நேர்ந்தாலும் அப்படியே. இத்தகைய இடங்களில் பெயரை நல்ல பக்கத்திலிருந்தும் வயதை இன்றைய பக்கத்திலிருந்தும் எடுத்துக் கையால் எழுதினோம். எங்கள் கோப்புகள் ஓர் ஆளுக்கு ஒரு வரியாக இருந்ததால்தான் 23 என்ற அளவில் நின்றது என்று நான் நினைக்கிறேன். நீண்ட பத்திகளாக இருந்தால் பெரும்பாடாகியிருக்கும்.

சேர்த்த கோப்பு சரிதானா என்று அறிய ஓர் அழகான சோதனை உண்டு. `now` நகலில் சேர்ந்து நிற்கும் கோப்பையும், நகல் எடுத்தபின் தொடாமல் விட்ட அசல் கோப்பையும், இரண்டையுமே அந்தக் கெட்ட கட்டளையால் மாற்றி, விளைவுகளை `diff` கொண்டு ஒப்பிட வேண்டும். மீட்பு பெயர்களின் கடைசி எழுத்தை மட்டுமே தொட்டிருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். எங்களுக்கு ஒரு கோப்பில் ஒரு வரி வேறுபட்டது. கையால் தீர்த்தபோது ஒருவருடைய ஊரை விட்டுவிட்டிருந்தோம்.

இம்முறை எட்டாத ஓர் இடம் இருக்கிறது. பேக்கப் எடுத்த பிறகு, மாற்றம் ஓடுவதற்கு முன்பு, அன்று காலையில் தட்டச்சான வரிகள் பேக்கப்பில் இல்லை. அவற்றில் இருந்த `sami` மாறியது மாறியதுதான். மாற்றத்திற்குப் பின் தட்டச்சானவற்றிலிருந்து அவற்றைப் பிரித்தறியவும் வழியில்லை. ஆகவே அடிப்படைக் கோப்பில் இல்லாமல் இன்றைய கோப்பில் மட்டும் உள்ள, `samy` வரும் வரிகளைத் தனியே பிரித்தெடுத்தோம். 58 வரிகள் வந்தன. காலனி எண்ணைக் கொண்டு பதிவேட்டுப் படத்தைத் திறந்து ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்ததில், 17 பெயர்களுக்கு `i` திரும்பக் கிடைத்தது.